உத்திரத்தின் முனையில் 60 மில்லிமீட்டர்

மர உத்திரம் என்றால் எல்லோரும் நடுவைப் பார்ப்பார்கள். எவ்வளவு தொய்கிறது, வளைவைத் தாங்குமா என்றுதான் முதல் கேள்வி வரும். பழைய மரத்தளங்களைச் சோதிக்கும் வேலையில் நான் பார்த்தவரை, நடுவில் உடைந்த உத்திரங்கள் குறைவு. சிக்கல் பெரும்பாலும் முனையில் இருக்கிறது. சுவருக்குள் மறைந்து, சுவர் மேல் நீளவாக்கில் படுத்திருக்கும் வால்பிளேட் கட்டையின் மேல் உத்திரம் உட்கார்ந்திருக்கும் அந்த ஒரு சாண் நீளத்தில்தான் பாதிக் கதை நடக்கிறது. அங்கே கேட்கவேண்டிய கேள்விகள் இரண்டு. உட்காரும் இடத்தில் மரம் நசுங்குமா? முனைக்குப் பக்கத்தில் மரம் நார்வாக்கில் பிளக்குமா? முதலாவது பேரிங், இரண்டாவது ஷியர். இரண்டும் ஒரே இடத்தில் நடந்தாலும் குணத்தில் வேறு வேறு. அது தெளிவாகப் புரிந்த ஒரு வேலையைப் பற்றி எழுதுகிறேன்.

அது சரக்கு வைக்கும் ஒரு மேல்தளம். செங்கல் சுவர்கள், ஊசியிலை மர உத்திரங்கள், மேலே பலகை. உத்திரம் ஒவ்வொன்றும் 100 மி.மீ. அகலம், 250 மி.மீ. உயரம், ஒன்றரை மீட்டருக்கு ஒன்று. தாங்கு மையத்திலிருந்து தாங்கு மையம் வரை 4.1 மீட்டர். சுவரை ஒட்டி வரிசையாக இரும்பு அலமாரிகள் வைக்கவேண்டும், தளம் தாங்குமா என்று கேட்டுத்தான் கூப்பிட்டார்கள். கூட வந்த மூத்த தச்சர் மேலே ஏறியதுமே சொல்லிவிட்டார்: "சுவர் ஓரத்துல வெச்சா பாரம் நேரா சுவத்துக்குத்தானே சார் போகுது? நடுவுல வெச்சாதான் பயம்."

அவர் சொன்னதில் பெரிய உண்மை இருக்கிறது. ஆனால் பாரம் சுவருக்குப் போகும் வழியில் ஒரு வாசல் இருக்கிறது. அந்த வாசல்தான் பேரிங் பரப்பு.

முதலில் இருக்கிற பாரத்தை எடுத்துக்கொள்வோம். தளத்தின் சொந்த எடை, மேலே வரக்கூடிய சரக்கு இரண்டையும் சேர்த்து, மரக் கட்டுமானத்துக்கான ஐரோப்பிய விதிநூலான யூரோகோட் 5 முறைப்படி பாதுகாப்புப் பெருக்கிகளும் போட்டால், ஒரு உத்திரத்துக்கு மீட்டருக்கு 5.85 கிலோநியூட்டன் வந்தது. நடுவில் வளைவு 12.3 கிலோநியூட்டன் மீட்டர். அதனால் வரும் தகைவு 11.8 நியூட்டன்/ச.மி.மீ. மரத்தை சி24 தரம் என்று எடுத்தால் 14.8 வரை போகலாம். தொய்வும் பெருக்கி போடாத பாரத்துக்குப் பத்து மி.மீ. அளவில்தான் வந்தது. ஆக, நடுவைப் பொறுத்தவரை உத்திரம் நன்றாக இருக்கிறது. பலர் இந்த இடத்தில் கணக்கை மூடிவிடுவார்கள்.

ஒவ்வொரு முனைக்கும் வரும் எதிர்விசை 12 கிலோநியூட்டன். ஏறக்குறைய 1,200 கிலோ எடைக்குச் சமம். அது எவ்வளவு பரப்பில் இறங்குகிறது என்று பார்க்கவேண்டும். பழைய வரைபடத்தில் 100 மி.மீ. அகல வால்பிளேட் முழுவதிலும் உத்திரம் உட்கார்ந்திருப்பதாகக் கோடு போட்டிருந்தது. இந்த இடத்தில் வரைபடத்தை நம்பக்கூடாது. ஒரு மெல்லிய எஃகுப் பட்டை, ஃபீலர் கேஜ் இருந்தால் அதுவே, எடுத்து உத்திரத்துக்கும் பிளேட்டுக்கும் நடுவில் பக்கவாட்டிலிருந்து நுழைத்துப் பார்ப்பேன். எங்கே நுழைகிறது, எங்கே முட்டி நிற்கிறது என்று பென்சிலால் குறித்துக்கொண்டே வந்தால் உண்மையான தொடுபரப்பு தெரிந்துவிடும். அங்கே உத்திரத்தின் முனை 25 மி.மீ. குட்டையாக அறுக்கப்பட்டிருந்தது. பிளேட்டின் உள்விளிம்பிலோ மரப்பட்டையை ஒட்டிய உருண்டை ஓரம் அப்படியே விடப்பட்டிருந்ததால் இன்னொரு 15 மி.மீ. தொடவே இல்லை. மிச்சம் இருந்தது 60 மி.மீ.

மரத்துக்கு நார்வாக்கில் ஒரு பலம், குறுக்கே வேறு பலம். மூங்கில் கட்டை நட்டு நிறுத்தி மேலே ஏறினால் தாங்கும், படுக்கவைத்து மிதித்தால் நசுங்கும், அதுபோலத்தான். சி24 மரத்தில் நார்வாக்கில் அமுக்கும்போது 21 நியூட்டன்/ச.மி.மீ. என்று வைத்திருக்கும் பலம், குறுக்கே அமுக்கும்போது 2.5 தான். பாதுகாப்பு எண்களைப் போட்டு, உலர்ந்த இடத்தில் நடுத்தரக் கால அளவுக்கு நிற்கும் பாரம் என்று எடுத்தால், 2.5-ஐ 0.8-ஆல் பெருக்கி 1.3-ஆல் வகுக்கவேண்டும். கிடைப்பது 1.54.

இனி கணக்கு. அகலம் 100, தொடும் நீளம் 60. யூரோகோட் 5 இந்தத் தொடுநீளத்தோடு ஒவ்வொரு பக்கமும் 30 மி.மீ. வரை சேர்த்துக்கொள்ள விடுகிறது. அமுங்கும் இடத்துக்கு வெளியே தொடர்ந்து போகும் நார்களும் கயிறு போல இழுத்துப்பிடித்து உதவுவதுதான் காரணம். ஆனால் உத்திரம் பிளேட்டின் மேலேயே முடிந்துவிடுவதால் முனைப்பக்கம் அந்த உதவி கிடையாது. உள்பக்கம் மட்டும் 30. ஆக 90 மி.மீ. 12,000-ஐ 100 பெருக்கல் 90-ஆல் வகுத்தால் 1.33. எல்லை 1.54. தாங்குகிறது, ஆனால் வரைபடத்தில் இருந்த 100 மி.மீ. உண்மையாக இருந்திருந்தால் 0.92 தான் வந்திருக்கும். முனையில் போன 40 மி.மீ. இருந்த இடைவெளியில் பெரும்பகுதியைத் தின்றுவிட்டது.

தனித்தனித் தாங்கிகளில் உட்காரும் ஊசியிலை மரத்துக்கு இந்த எல்லையை 1.5 மடங்கு கூட்டிக்கொள்ளவும் அதே விதிநூலில் இடம் உண்டு. சுவருக்குள் போகும் முனைகளுக்கு நான் அதை எடுப்பதில்லை. அந்தக் கூடுதல், மரம் இன்னும் கொஞ்சம் அமுங்கினாலும் பரவாயில்லை என்ற அனுமதிதான். ஈரம் ஏறக்கூடிய இடத்தில் அந்த அனுமதியைக் கொடுக்க எனக்கு மனம் வருவதில்லை.

அடுத்தது நிறையப் பேர் விட்டுவிடுகிற கணக்கு. கீழே இருக்கிற வால்பிளேட்டும் மரம்தான். அதுவும் குறுக்கேதான் அமுங்குகிறது. அதன் நார் சுவரின் நீளவாக்கில் ஓடுகிறது. எனவே அதன் கணக்கில் நீளம் என்பது உத்திரத்தின் அகலமான 100. பிளேட் இரண்டு பக்கமும் தொடர்வதால் இங்கே இரு பக்கமும் 30 சேரும், 160 ஆகும். குறுக்களவு அதே 60. 12,000-ஐ 60 பெருக்கல் 160-ஆல் வகுத்தால் 1.25. உத்திரத்தைவிட நிலைமை மேல் என்று தோன்றும். ஆனால் உத்திரத்துக்கு நல்ல மரத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள் பிளேட்டுக்குக் கைக்குக் கிடைத்த மரத்தைப் போட்டுவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அங்கேயும் முடிச்சு நிறைந்த, தரம் குறைந்த கட்டைதான். சி16 என்று வைத்தால் எல்லை 1.35-க்கு இறங்கும். பிளேட் செங்கல் மேல் சாந்தில் படுத்திருப்பதால் சுவர் ஈரம் முதலில் ஏறுவதும் அதற்குத்தான். நிரந்தரமாக ஈரமாக இருக்கும் மரம் என்ற வகையில் வைத்தால் 0.8 என்ற எண் 0.65 ஆகிறது, எல்லை 1.10. அப்போது 1.25 தாங்காது. அதனால் பிளேட்டில் ஈரமானியை வைக்காமல் எந்த முடிவுக்கும் வருவதில்லை. 20 சதவீதத்துக்கு மேல் ஈரம் நிலைத்திருந்தால் பலக் கணக்கைவிட உளுப்பு பற்றிய கவலைதான் முதலில் வரவேண்டும். இங்கே 14, 15 என்றுதான் காட்டியது. குத்தூசியும் உள்ளே இறங்கவில்லை. சரி, இந்தப் பக்கம் நிம்மதி.

பேரிங் மீறப்பட்டிருந்தால் எப்படித் தெரியும்? மரம் திடீரென்று முறியாது. மெதுவாக அமுங்கும். பிளேட்டில் உத்திரத்தின் அச்சு விழுந்திருக்கும், அச்சின் ஓரத்தில் நார்கள் பிதுங்கி நிற்கும். இங்கே உள்விளிம்பில் மட்டும் ஒரு மி.மீ. அளவுக்கு அச்சு இருந்தது, பின்பக்கம் இல்லை. அது கவலைப்படும்படியான அடையாளம் அல்ல. உத்திரம் நடுவில் தொயும்போது முனை கொஞ்சம் திரும்புகிறது. இந்த உத்திரத்துக்கு அந்தத் திருப்பம் கணக்கில் ஆயிரத்துக்கு எட்டு, அதாவது 60 மி.மீ. நீளத்தில் அரை மி.மீ. நாளடைவில் தொய்வு கூடும்போது திருப்பமும் கூடும். எனவே உள்விளிம்பு முதலில் அமுங்கி உத்திரம் தனக்கு ஒரு இருக்கையைச் செய்துகொள்கிறது. அச்சு முழு நீளத்துக்கும் சீராக ஆழமாகிக்கொண்டே போனாலோ, மேலே சுவரை ஒட்டிய பலகை கீழே இறங்கி இடைவெளி தெரிந்தாலோதான் பேரிங் போதவில்லை என்று அர்த்தம்.

இப்போது அலமாரிக்கு வருவோம். அலமாரியின் கால்கள் வழியாக ஒரு உத்திரத்துக்கு வரக்கூடியது, பெருக்கிகள் போட்ட பிறகு, 6 கிலோநியூட்டன். தாங்கு மையத்திலிருந்து 200 மி.மீ. தூரத்தில். நடுவளைவில் அது கூட்டுவது 0.6 கிலோநியூட்டன் மீட்டர்தான், இருப்பதில் இருபதில் ஒரு பங்கு. ஷியரிலும், முனையில் மரத்தைச் செதுக்கிக் காடி எதுவும் போடாத முழு உத்திரமாக இருந்தால், தாங்கியின் ஓரத்திலிருந்து உத்திரத்தின் உயரத்துக்குள் மேலே வைக்கப்படும் பாரத்தை விட்டுவிடலாம் என்று விதிநூலே சொல்கிறது. அந்தப் பாரம் சாய்வாக நேரே தாங்கிக்குள் இறங்கிவிடும். தச்சர் சொன்னது இந்த அளவுக்கு அப்படியே உண்மை.

ஆனால் பேரிங்கில் அந்தச் சலுகை இல்லை. 6-இல் 5.7 அந்த முனைக்கே வந்து சேர்கிறது. எதிர்விசை 12-இலிருந்து 17.7 ஆகிறது. உத்திரத்தில் 1.97, பிளேட்டில் 1.84. பிளேட்டின் எல்லை 1.35, உத்திரத்தின் எல்லை 1.54. முழு 100 மி.மீ. தொட்டுக்கொண்டிருந்தால் உத்திரத்தில் 1.36 வந்து தப்பித்திருக்கும். சுவரை நெருங்க நெருங்க வளைவுக் கவலை குறைகிறது, பேரிங் கவலை குறைவதே இல்லை. எதிர்விசையைக் கணக்கிடும்போது எந்தப் பாரத்தையும் கழிக்கக்கூடாது. வளைவுக்கும் ஷியருக்கும் போட்ட கணக்கிலிருந்து விசையை எடுத்து அப்படியே பேரிங்குக்கு வைப்பவர்கள் இங்கேதான் தவறிப்போகிறார்கள்.

இவ்வளவும் காடி இல்லாத முனைக்கு. எதிர்ச்சுவருக்குப் போனபோது நிலைமை மாறியது. அந்தச் சுவரின் வால்பிளேட் ஒரு செங்கல் வரிசை உயரமாகப் போடப்பட்டிருந்தது, 75 மி.மீ. தளம் மட்டமாக வரவேண்டும் என்று அந்தப் பக்கம் எல்லா உத்திரங்களின் அடியிலும் 75 மி.மீ. ஆழத்துக்குச் செங்குத்தாகக் காடி செதுக்கி எடுத்திருந்தார்கள். பிளேட்டின் மேல் உட்காருவது 250 அல்ல, 175 மி.மீ. உயர மரம். பேரிங் பரப்பு இங்கேயும் 60 மி.மீ. தான். ஆக, பேரிங் கணக்கில் எந்த வித்தியாசமும் இல்லை.

ஷியரில் இருக்கிறது. உயரத்தில் பத்தில் மூன்று பங்கு போனால் பலமும் பத்தில் மூன்று பங்கு போகும் என்று நினைக்கத் தோன்றும். அப்படியல்ல. தாங்கியின் பக்கம், அதாவது அடியில், காடி போடும்போது அதன் உள்மூலையில் மேலே இருக்கும் மரம் தாங்கியில் நிற்கிறது, கீழே தொங்கும் மரம் பாரத்தோடு இறங்கப் பார்க்கிறது. நார்களைக் குறுக்கே பிரித்து இழுக்கும் விசை அங்கே குவிகிறது. பாதுகாப்பு எண்கள் போடுவதற்கு முன், சி24 மரம் நார்வாக்கில் வளைவில் 24 வரை போகும். குறுக்கே பிரித்து இழுத்தால் அதற்கு வெறும் 0.4 தான். மரத்தின் மிகப் பலவீனமான திசை அது, காடி நேராக அந்தத் திசையைத்தான் சோதிக்கிறது.

யூரோகோட் 5 இதை ஒரு குறைப்பு எண்ணாகப் போடுகிறது. செங்குத்தான காடிக்கு, அறுத்த மரத்துக்கு, அது இப்படி வரும்:

```
kv = 5 / ( √h · ( √(α(1−α)) + 0.8·(x/h)·√(1/α − α²) ) )
```

h என்பது முழு உயரம் மி.மீ. அளவில், α என்பது மிச்ச உயரத்துக்கும் முழு உயரத்துக்கும் உள்ள விகிதம், x என்பது எதிர்விசை செல்லும் கோட்டிலிருந்து காடியின் உள்மூலை வரை உள்ள தூரம். விடை ஒன்றைத் தாண்டினால் ஒன்று என்று வைத்துக்கொள்ளவேண்டும்.

இந்த x-ஐ நேரில் அளந்தே ஆகவேண்டும். காடியைப் பிளேட்டுக்குச் சரியாகப் பொருந்தும்படி வெட்டாமல், உத்திரத்தை ஏற்ற வசதியாகக் கொஞ்சம் நீளமாகவே வெட்டியிருந்தார்கள். உள்மூலை பிளேட்டின் விளிம்பைத் தாண்டி 60 மி.மீ. வெளியே நின்றது. தொடும் 60 மி.மீ.-இன் நடுவில் எதிர்விசை என்று கொண்டால் அங்கிருந்து விளிம்பு 30, மொத்தம் 90. α 0.7. போட்டுப் பார்த்தால் 0.43 வருகிறது.

உத்திரத்தின் பக்கங்களில் காய்ந்த வெடிப்புகள் இருந்ததால் அகலத்தில் 0.67 பங்கை மட்டும் ஷியருக்கு எடுத்தேன், அதாவது 67 மி.மீ. ஷியர் பலம் 4.0, பாதுகாப்பு எண்கள் போட்டபின் 2.46. முழு உயரத்தில் இந்த உத்திரத்தின் முனை 27.5 கிலோநியூட்டன் தாங்கும். காடி போட்ட முனை தாங்குவது 8.3. உயரத்தில் முப்பது சதவீதத்தை வெட்டி எடுத்ததற்குப் பலத்தில் எழுபது சதவீதம் போய்விட்டது. வரவேண்டிய விசையோ, அலமாரி வைப்பதற்கு முன்பே, 12. தாங்கிக்குப் பக்கத்துப் பாரத்தைக் கழிக்கலாம் என்ற சலுகையும் அடியில் காடி இருந்தால் செல்லாது. எனவே அலமாரியோடு 17.7 முழுவதும் கணக்கில் வரும்.

கையில் கால்குலேட்டர் மட்டும் இருக்கும்போது நான் வேறொரு வழியில் சரிபார்ப்பேன். அமெரிக்காவின் என்.டி.எஸ். விதிநூலில் அடிக்காடி போட்ட முனையின் ஷியர் பலம், மிச்ச உயர விகிதத்தின் மும்மடியோடு குறைகிறது. 0.7 பெருக்கல் 0.7 பெருக்கல் 0.7 என்றால் 0.34. யூரோகோட் வழியில் வந்த விகிதம் 0.30. இரண்டு வேறு வழிகள் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும்போது எண்ணின் மேல் நம்பிக்கை வருகிறது. அறுத்த மரத்தில் முனைக்காடி உயரத்தில் கால் பங்கைத் தாண்டக்கூடாது என்றும் அதே நூல் சொல்கிறது. இங்கே பத்தில் மூன்று. கணக்கே போடாமல் டேப்பை மட்டும் வைத்து அந்த இடத்தில் சந்தேகப்பட்டிருக்கலாம்.

அப்படியானால் இத்தனை காலம் எப்படி நின்றது என்று கட்டடத்துக்காரர் கேட்டார். நியாயமான கேள்வி. கணக்கில் போட்ட முழுச் சரக்கு ஒருநாளும் அந்தத் தளத்தில் ஏறியிருக்காது. பலத்துக்கு எடுக்கும் எண்ணும் பலவீனமான மரத்துக்கானது, பெரும்பாலான மரம் அதைவிட நன்றாகவே இருக்கும். நின்றது என்பது பாரம் வரவில்லை என்பதற்குச் சாட்சி. பாரம் வந்தால் நிற்கும் என்பதற்கு அல்ல. அவருக்கு இதைச் சொல்லி முடிப்பதற்குள் தச்சர் ஓர் உத்திரத்தின் முனையில் டார்ச்சை அடித்து, "சார், இதப் பாருங்க" என்றார்.

காடியின் உள்மூலையிலிருந்து ஒரு வெடிப்பு நார்வாக்கில் உள்நோக்கி ஓடியிருந்தது, ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவாக. பழைய மரத்தில் வெடிப்பு சகஜம், எல்லாவற்றுக்கும் பயப்படத் தேவையில்லை. காய்ந்த வெடிப்பு பொதுவாக உத்திரத்தின் பக்க முகத்தில், நடு உயரத்தை ஒட்டி, எங்கோ தொடங்கி எங்கோ முடியும். ஒரு பக்கம் இருப்பது மறுபக்கம் அதே உயரத்தில் இருக்காது. மெல்லிய பட்டையை நுழைத்தால் மரத்தின் நடு வரை போய் நின்றுவிடும். இந்த வெடிப்பு சரியாக மூலையில் தொடங்கியது, இரண்டு முகங்களிலும் ஒரே உயரத்தில் இருந்தது, பட்டை ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் எட்டிப்பார்த்தது. விரலால் தடவினால் வெடிப்புக்குக் கீழே இருந்த மரம் மேலே இருந்ததைவிட ஒரு மயிரிழை வெளியே துருத்தியிருந்தது. இது பிளவு. காய்ந்ததால் வந்தது அல்ல.

பேரிங்குக்கும் இதற்கும் உள்ள குண வித்தியாசம் இங்கேதான் முக்கியமாகிறது. பேரிங் பத்து சதவீதம் மீறினால் மரம் கொஞ்சம் அமுங்கி, நார்கள் இறுகி, அப்படியே நிற்கும். நமக்குப் பார்த்துச் சரிசெய்ய நேரம் கொடுக்கும். காடி மூலையில் பிளவு ஓட ஆரம்பித்தால் அது ஓட ஓட மேல்பகுதி மட்டும் தனி உத்திரம் மாதிரி வளைய ஆரம்பிக்கும். எப்போது முழு நீளத்துக்கும் ஓடும் என்று சொல்லமுடியாது, சத்தத்தோடு ஒரே நொடியில் போகலாம். அதனால் பேரிங்கில் சிறு மீறலைச் சூழ்நிலை பார்த்து ஏற்றுக்கொள்ளும் நான், அடிக்காடியில் ஒரு சதவீதம்கூட விட்டுக்கொடுப்பதில்லை.

அன்றைக்கே அந்த உத்திரத்தின் முழு உயரப் பகுதிக்கு அடியில், காடிக்கு உள்ளே, இரும்பு முட்டுகள் கொடுத்தோம். இறுக்கும்போது தூக்கப் பார்க்கக்கூடாது. பட்டை வெடிப்பில் நுழையச் சிரமப்படும் அளவுக்கு மட்டும் திருகினோம், அதற்கு மேல் போனால் மேல்தளப் பலகை கிளம்பும். வெடிப்பின் நுனியில் இரண்டு பக்கமும் குறுக்குக்கோடு போட்டுத் தேதி எழுதிவைத்தோம். மற்ற உத்திரங்களிலும் காடி மூலைகளைத் துடைத்துவிட்டுப் பார்த்ததில் இன்னும் சிலவற்றில் மூலையில் பிளவு தலைகாட்டியிருந்தது.

சரிசெய்யும் வழிகளில் முதலில் எல்லோரும் சொல்வது காடியின் செங்குத்து முகத்தைச் சாய்வாக்கலாம் என்பது. சாய்வு விசைக்குவிப்பைக் குறைக்கும் என்பது உண்மை. மூன்றுக்கு ஒன்று சாய்வு கொடுத்தால் இந்த முனை 11.2 தாங்கும், நான்குக்கு ஒன்று கொடுத்தால் 12.8. பாரம் 12 மட்டுமே என்றால் நான்குக்கு ஒன்று போதும், ஆனால் அலமாரிக்குப் போதாது. பிளவு ஏற்கனவே ஓடிய மூலையில் சாய்வு வெட்டிப் பயனும் இல்லை. புது உத்திரத்துக்கு முன்கூட்டியே செய்யவேண்டிய வேலை அது.

இரண்டாவது வழி, முழுநீள மரை கொண்ட திருகாணிகளைக் காடி மூலைக்குச் சற்று உள்ளே, அடியிலிருந்து செங்குத்தாக மேலே ஏற்றி, பிளவைக் குறுக்கே தைத்துவிடுவது. அந்தத் திருகாணிகள் ஏந்தவேண்டிய இழுவிசையைக் கணக்கிட ஜெர்மன் முறையில் ஒரு நல்ல சூத்திரம் இருக்கிறது:

```
Ft,90 = 1.3 · V · ( 3(1−α)² − 2(1−α)³ )
```

12-க்கு 3.4 கிலோநியூட்டன், 17.7-க்கு 5.0. திருகாணிக்கு இது பெரிய விசை அல்ல. ஆனால் உத்திரத்தின் நீளவாக்கில் ஒரு வரிசையை மட்டுமே கணக்கில் எடுக்கலாம். பின்னால் போடும் வரிசை, பிளவு முன்வரிசையைத் தாண்டிய பிறகுதான் வேலை செய்யத் தொடங்கும். தையல் பிளவை நிறுத்தும், பேரிங் பரப்பைக் கூட்டாது. இங்கே அலமாரி வந்தால் பேரிங்கும் போதாது என்பதால் தைப்பது மட்டும் பாதி வேலையாகவே முடிந்திருக்கும்.

எனக்குப் பிடித்த வழி மூன்றாவது, இரண்டு கேள்விக்கும் ஒரே பதிலாக அமைந்தது. தாங்கியையே காடிக்கு உள்ளே, முழு உயர மரத்துக்கு அடியில் கொண்டுவருவது. கீழே சுவரை ஒட்டித் தரை உறுதியாக இருந்ததால் ஒவ்வொரு உத்திரத்துக்கும் 100-க்கு 100 மரக்கால் நிறுத்தினோம், அடியில் ஈரம் ஏறாமல் தடுப்புத் தாளும் எஃகுத் தகடும் வைத்து. காலுக்கு நார் செங்குத்தாக இருப்பதால் அது நசுங்காது. அதன் தலையில் உட்காரும் உத்திரம்தான் குறுக்கே அமுங்குகிறது. 100 மி.மீ. தொடுநீளம், உள்பக்கம் 30 சேர்த்து 130. அலமாரியோடு 17.7-க்கு 1.36, எல்லை 1.54. ஷியர் இப்போது முழு உயரத்தில், 27.5 தாங்கும் இடத்தில் நடக்கிறது. காலின் வெளிவிளிம்பு காடி மூலைக்கு நேராக வரும்படி வைத்தோம். அதற்கும் வெளியே போனால் அடியில் மரம் இல்லை.

இந்த வேலையில் எளிதில் கெட்டுப்போவது பாரத்தை இடம் மாற்றும் கட்டம். புதுக்காலை நிறுத்திவிட்டு, பழைய பிளேட்டிலும் உத்திரம் அழுத்தமாக உட்கார்ந்திருந்தால், பாரம் பழைய வழியிலேயே போகும், பிளவும் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் காலின் தலையில் கடினமரத்தில் ஜோடி ஆப்பு அடித்து ஏற்றினோம். ஒற்றை ஆப்பு அடித்தால் ஒரு விளிம்பில் மட்டும் அழுத்தும், எதிரெதிராக இரண்டு அடித்தால் முகம் மட்டமாக ஏறும். பழைய பிளேட்டுக்கும் உத்திரத்துக்கும் நடுவில் ஒரு தாள் தடையில்லாமல் நுழையும் வரை அடித்தோம். அப்புறம் முட்டுகளை எடுத்து, ஆப்பு தளராதபடி பக்கத்தில் ஆணி அடித்துப் பூட்டினோம். உத்திரத்தின் முனை பிளேட்டின் மேல் சும்மா படுத்திருக்கட்டும் என்று அப்படியே விட்டோம். பக்கவாட்டில் சாயாமல் பிடிக்க அது போதும்.

காடி இல்லாத சுவர்ப்பக்கம் வேலை சுலபம். அலமாரி வரும் உத்திரங்களுக்கு மட்டும், பிளேட்டின் உருண்டை ஓரத்துக்கு அடியிலிருந்து சுவரை ஒட்டி அதேபோல் கால் கொடுத்தோம். அலமாரி வராத உத்திரங்கள் 1.33-இல் நிற்கின்றன, அவற்றைத் தொடவில்லை.

ஆப்புகளைத் திரும்பப் பார்க்கவேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தேன். முதல் சரக்கு ஏறி, மரம் அமுங்கி உட்கார்ந்த பிறகு தச்சர் போய் ஒவ்வொன்றையும் தட்டிப்பார்த்துத் தளர்ந்திருந்தவற்றை இறுக்கினார். வெடிப்பு நுனியில் போட்ட குறுக்குக்கோட்டைப் பிளவு தாண்டவில்லை.